புதிய துணையை நண்பர்களுக்கு அறிமுகம் செய்யும் செய்தி: எதை எழுதுவது, எதை விடுவது?

தாழ்வாரம் · மார்ச் 4, இரவு 10.52

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை மாலை என் நான்கு நண்பர்களும் நிலவனை முதல்முறை பார்க்கப் போகிறார்கள். பெயரை மாற்றியிருக்கிறேன். நானும் அவரும் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. நண்பர்களோடு 16 வருடப் பழக்கம், தினமும் பேசிக்கொள்ளும் வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் முன்கூட்டியே ஒரு செய்தி போட்டுவிட்டால் யாருக்கும் பதற்றம் இருக்காது என்று நினைக்கிறேன். மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன்.

சிக்கல் இரண்டு. என் முன்னாள் துணை இதே நண்பர்களோடு ஏழு வருடம் பழகியவர். நால்வரில் ஒருத்தி இன்றும் அவரோடு பேசுகிறாள், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அடுத்தது, நிலவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காது கேட்காது. தெரியாதவர்கள் அவரை அலட்சியம் பிடித்தவர் என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் வாரம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போதைக்கு இருக்கும் வரைவு:

"மக்களே, சனிக்கிழமை நிலவனைக் கூட்டிட்டு வர்றேன். நான் பார்த்ததுலயே ரொம்ப நல்ல மனுஷன். பொறுமைசாலி, புத்திசாலி, பேசினா சிரிச்சுக்கிட்டே இருப்பீங்க. உங்க எல்லாருக்கும் கண்டிப்பா பிடிக்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: பழைய கதை எதையும் எடுக்காதீங்க. கல்யாணம் எப்போன்னு கேக்காதீங்க. வேலையைப் பத்திக் கேக்காதீங்க, இப்பதான் மாறியிருக்கார். ஒரு காது கேக்காது, அதைப் பத்தியும் கேக்காதீங்க."

படித்தால் ஏதோ இடிக்கிறது. எது என்று சொல்லத் தெரியவில்லை.

---

நேர்கோடு · மார்ச் 4, இரவு 11.15

செய்தியே வேண்டாம். 16 வருட நண்பர்களுக்கு எதற்கு முன்னுரை? கூட்டிக்கொண்டு போங்கள், தானாகப் பேசிக்கொள்வார்கள்.

---

கூட்டல்குறி · மார்ச் 5, காலை 6.40

அப்பா அம்மாவிடம் சொல்வதில்தான் கவனம் வேண்டும். முதலில் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், அவர் வழியாக அப்பாவிடம் போகட்டும். எழுத்தில் எதுவும் வேண்டாம்.

---

தாழ்வாரம் · மார்ச் 5, காலை 8.05

கூட்டல்குறி, வீட்டில் இருவருக்குமே தெரியும். நான் கேட்பது நண்பர்களைப் பற்றி.

நேர்கோடு, நண்பர்களுக்கு முன்னுரை தேவையில்லைதான். நிலவனுக்குத் தேவை. அவர்கள் நால்வர், அவர் ஒருவர். காது விஷயத்தைப் பேச்சின் நடுவில் அவரே எழுந்து அறிவிக்க வேண்டிய நிலையில் அவரை நிறுத்த எனக்கு மனமில்லை.

---

பழைய வானொலி · மார்ச் 5, மதியம் 1.20

கல்லூரியில் 20 வருடத்துக்கு மேலாக உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் வரைவில் எது இடிக்கிறது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

சிறிய செய்தி, அதில் நான்கு தடைகள். 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். சிலரைத் தனியாக உட்காரவைத்து, "வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள்" என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது நினைக்கலாம்" என்றதும், முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது. உங்கள் நண்பர்கள் அந்த அறைக்குள் நான்கு கரடிகளோடு நுழைவார்கள். யாரும் வாய் தவறிக் கேட்டுவிட மாட்டார்கள். ஆனால் நிலவன் ஏதாவது சொல்லி, அடுத்த கேள்வி இயல்பாக வேலையைப் பற்றி வர வேண்டிய இடத்தில் எல்லோரும் ஒரு நொடி நிறுத்துவார்கள். அந்த ஒரு நொடியை அவர் கவனித்துவிடுவார்.

ஒவ்வொரு தடையையும் ஒரு தகவலாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். மாற்ற முடியாதவற்றை அந்தச் செய்தியிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது: நிலவன் இதைப் படித்தாரா?

---

தாழ்வாரம் · மார்ச் 5, மதியம் 1.48

படிக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் செய்தால் அவருக்குச் சுமை இருக்காது என்று நினைத்தேன். எழுதிய பிறகு இந்த வரியே எனக்குச் சரியாகப் படவில்லை. இன்று இரவு காட்டுகிறேன்.

---

நேர்கோடு · மார்ச் 5, மாலை 5.30

சரி, செய்தி போடுவதென்று முடிவானால் பாராட்டைக் குறைக்காதீர்கள். ஒருவரைப் பற்றி முன்னாலேயே நல்லதாகச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் நல்லவராகவே பார்ப்பார்கள் என்று ஆய்வே இருக்கிறது. வாத்தியார் ஒருவரை வைத்துச் செய்தது. அந்தக் கணக்கில் "ரொம்ப நல்ல மனுஷன்" என்று எழுதியது சரிதான்.

---

தாழ்வாரம் · மார்ச் 5, இரவு 11.37

காட்டிவிட்டேன்.

போனை வாங்கி இரண்டு முறை படித்தார். "பேசினா சிரிச்சுக்கிட்டே இருப்பீங்க" என்ற இடத்தில் விரலை வைத்து, "இதைப் படித்துவிட்டு வருபவர்களிடம் நான் என்ன பேசுவது? வாயைத் திறக்கும்போதெல்லாம் சிரிப்புக்குக் காத்திருப்பார்களே" என்றார். "கண்டிப்பா பிடிக்கும்" என்பதை அவரே அழித்தார். அதைப் படித்தால் தேர்வு எழுதப் போகிற மாதிரி இருக்கிறதாம். பிடிக்காவிட்டால் அவர்களும் நடிக்க வேண்டியிருக்கும் என்றார்.

வேலை வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டார். புது வேலையைப் பற்றிப் பேச அவருக்கு ஆசைதான். அவர் மறைக்க விரும்புகிறார் என்று நானாக முடிவு செய்திருக்கிறேன்.

காது வரிக்கு வந்தபோது முகம் மாறியது. "இது ரகசியம் மாதிரி இருக்கிறது. கேட்டால் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எழுதினாயானால் எனக்கு உதவியாக இருக்கும்" என்றார்.

நான்கு தடைகளில் இரண்டு போய்விட்டன. கல்யாணக் கேள்வியும் பழைய கதையும் மிச்சம்.

---

பழைய வானொலி · மார்ச் 6, காலை 7.10

நேர்கோடு சொல்லும் ஆய்வு ஹரால்டு கெல்லி செய்தது, 1950இல் வெளிவந்தது. பாதி சரி. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மாணவர்களுக்குப் புது ஆசிரியர் வருவதற்கு முன் ஒரு சின்னக் குறிப்பு கொடுத்தார்கள். எல்லாருக்கும் அதே குறிப்பு, ஒரே இடத்தில் மட்டும் மாற்றம்: சிலருக்கு "மிகவும் அன்பானவர்" என்றும் சிலருக்கு "கொஞ்சம் ஒட்டாதவர்" என்றும் இருந்தது. அதே வகுப்பு, அதே ஆசிரியர். அன்பானவர் என்று படித்தவர்கள் அவரை நல்லவிதமாக மதிப்பிட்டார்கள். வகுப்பு விவாதத்தில் அவர்களில் 56 சதவீதம் பேர் கலந்துகொண்டார்கள், மற்ற பிரிவில் 32 சதவீதம்.

இதைப் பாராட்டின் வெற்றி என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்பையே பாருங்கள். என்ன படிக்கிறார், எத்தனை பருவம் பாடம் நடத்தியிருக்கிறார், வயது 26, மணமானவர் என்று பெரும்பாலும் வெறும் விவரம். கடைசியில் உழைப்பாளி, உறுதியானவர் என்பது போன்ற சில சொற்கள், அவற்றுக்கு முன்னால் மனதைத் தொடுகிற சொல் ஒன்றே ஒன்று. அதுவும் பரிந்து பேசுகிறவர் குரலில் இல்லை. தாழ்வாரத்தின் வரைவில் விவரம் ஒன்றுமே இல்லை, அடைமொழிதான் இருக்கிறது. காதலிப்பவர் சொல்லும் அடைமொழியை யாரும் அப்படியே ஏற்க மாட்டார்கள், கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

அடைமொழி வைக்கத்தான் வேண்டுமென்றால் ஒன்று வையுங்கள், பக்கத்தில் அவர் செய்த ஏதாவது ஒன்றையும் சொல்லுங்கள்.

---

மாடிப்படி · மார்ச் 6, இரவு 9.25

நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன். நான்கு வருடத்துக்கு முன் என் துணை என்னைத் தன் நண்பர்களிடம் அழைத்துப் போவதற்கு முன் "கூச்ச சுபாவம், பார்த்துக்கோங்க" என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தெரியாது. அன்று மாலை முழுவதும் யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. தட்டிக்கொடுப்பது போல ஒரு புன்னகை, அவ்வளவுதான். மூன்று மணி நேரம். இவர்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தச் செய்தியைப் பார்த்தது இரண்டு வருடம் கழித்து. பாவம், அவர்கள் சொன்னதைச் செய்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நண்பர்களுக்கு ஒரு செய்தி போனது, எனக்கு ஒன்றும் வரவில்லை. யார் யாருக்கு என்ன உறவு, யார் எதற்குச் சிரிக்கிறார்கள், ஏன் ஒரு பெயரைச் சொன்னதும் எல்லோரும் அமைதியாகிறார்கள் என்று எதுவும் புரியவில்லை. தாழ்வாரம், நிலவனுக்கும் ஒரு செய்தி எழுதுங்கள். அவருக்குத்தான் அது முக்கியம்.

---

தாழ்வாரம் · மார்ச் 7, இரவு 12.20

மாடிப்படி எழுதியதைப் படித்ததிலிருந்து அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. நிலவனுக்கு எழுதினேன், ஒருவருக்கு ஒரு வரி:

சனிக்கிழமை நாம் போகிற வீட்டுக்காரி என் பள்ளித் தோழி, எல்லாரையும் பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிடுவாள், உனக்கும் வைப்பாள். அவள் கணவர் குறைவாகப் பேசுவார், பழைய கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவார், அதைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மூன்றாமவன் எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் செய்வான், அது கோபம் கிடையாது, அவன் பேசுகிற விதமே அப்படி. நான்காமவள் முன்னாள் துணையோடு இன்றும் நட்பில் இருக்கிறாள்.

மூன்றாமவன் வீட்டில் இப்போது நடந்துகொண்டிருக்கும் ஒரு பிரச்சினையையும் எழுதியிருந்தேன். அனுப்பும் நேரத்தில் கை நின்றுவிட்டது. நிலவனின் காதைப் பற்றி எழுத அவரிடம் கேட்டேன், இவனிடம் கேட்கவில்லையே. அழித்துவிட்டு அவனுக்குப் போன் செய்தேன். "வீட்டைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் போதும், காரணம் சொல்ல வேண்டாம்" என்றான். அப்படியே நிலவனிடம் சொன்னேன்.

இதுவும் ஒரு தடைதான், வானொலி ஐயா. ஆனால் ஒரே ஒருவருக்கு, ஒரே ஒரு தடை, அதுவும் உரியவன் கேட்டுக்கொண்டது. இதில் கரடி வராது என்று நம்புகிறேன்.

---

பழைய வானொலி · மார்ச் 7, காலை 7.02

கரடி கொஞ்சம் வரும். அவ்வளவுக்குப் பரவாயில்லை.

---

கூட்டல்குறி · மார்ச் 7, காலை 7.30

முதலில் தவறாகப் படித்துவிட்டேன், மன்னியுங்கள். முன்னாள் துணையோடு பேசுகிற தோழிக்குக் குழுவில்தான் தெரியவேண்டுமா? எல்லோர் முன்னாலும் சேதி தெரிந்தால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள் என்றேனே, அது இங்கே பொருந்தும் என்று படுகிறது.

---

தாழ்வாரம் · மார்ச் 8, இரவு 9.50

கூட்டல்குறிக்கு நன்றி. இன்று அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். எழுத்தில் சொல்லாதது நல்லதாயிற்று. முதலில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. பிறகு "சந்தோஷம்டி" என்றாள், குரலில் சந்தோஷம் வர இன்னும் ஒரு நிமிடம் ஆனது. குழுவில் போட்டிருந்தால் அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கிடைத்திருக்காது. மற்ற மூவரும் இதயம் போட்டு முடித்திருப்பார்கள், அவள் மௌனம் மட்டும் தனியாகத் தெரிந்திருக்கும்.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒரு கேள்வி கேட்டாள்: "அவரிடம் நான் சொல்லலாமா, கூடாதா?" முன்னாள் துணையைத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. நாளை சொல்கிறேன் என்றேன்.

---

நேர்கோடு · மார்ச் 8, இரவு 10.10

சொல்ல வேண்டியதில்லை. பிரிந்து இரண்டு வருடமோ மூன்று வருடமோ ஆகியிருக்கும். அவருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

---

மாடிப்படி · மார்ச் 8, இரவு 10.31

சம்பந்தம் அவருக்கு இல்லாமல் இருக்கலாம், அந்தத் தோழிக்கு இருக்கிறது. அடுத்த முறை அவர் "என்ன விசேஷம்" என்று கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டும். தாழ்வாரமே இரண்டு வரி எழுதி அவருக்கு அனுப்பிவிட்டால் அவள் தப்பித்துவிடுவாள்.

---

தாழ்வாரம் · மார்ச் 9, காலை 10.15

இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. நான் அவருக்கு எழுதவில்லை, எழுத வரவில்லை. தோழியிடம் "அவர் கேட்டால் மறைக்காதே, நீயாகப் போய்ச் சொல்லாதே" என்றேன். சரி என்றாள். இது முழுப் பதில் இல்லை என்று எனக்குத் தெரிகிறது.

"பழைய கதையை எடுக்காதீங்க" என்ற வரியை எடுத்துவிட்டேன். ஏழு வருடக் கதைகளில் அவர் இல்லாத கதையே இல்லை. அதை வெட்டினால் என் நண்பர்கள் ஊமையாகிவிடுவார்கள். அவர் ஒருவர் இருந்தார் என்று நிலவனுக்குத் தெரியும். பெயர் வந்தால் வரட்டும்.

---

நேர்கோடு · மார்ச் 10, மாலை 6.00

காது விஷயத்துக்கு ஒரு யோசனை. எல்லோரையும் கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொல்லிவிடுங்கள், முடிந்தது.

---

தாழ்வாரம் · மார்ச் 10, இரவு 8.44

நிலவனிடம் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். அவருடைய வலது காது நன்றாகக் கேட்கிறது, கத்தினால் அந்தக் காதுக்குத்தான் வலி. அவருக்குத் தொந்தரவு மூன்று இடங்களில். இடது பக்கத்திலிருந்து மெதுவாகப் பேசுவது. இரைச்சலுக்கு நடுவே ஒரே நேரத்தில் பலர் பேசுவது. அப்புறம், குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே தெரியாமல் போவது. இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் இருக்கிற சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் திசை பார்க்கிறோமாம். ஒரு காதில் அது எப்படி முடியும்? அடுத்த அறையில் போன் அடித்தால் அவர் தப்பான பக்கம் தேடிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அதனால் சனிக்கிழமை அவர் மேசையின் இடது ஓரத்தில் உட்காருவார். அப்போது எல்லோரும் அவருக்கு வலது பக்கம் வந்துவிடுவார்கள். பாட்டுப் பெட்டியை அணைத்துவைக்கிறேன் என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

---

மாடிப்படி · மார்ச் 11, இரவு 9.00

எப்போது அனுப்பப் போகிறீர்கள்? ரொம்ப முன்னால் போட்டால் ஆளாளுக்கு இணையத்தில் தேட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு நடந்தது. என் பழைய படங்கள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

---

தாழ்வாரம் · மார்ச் 12, இரவு 9.18

இப்போது அனுப்பிவிட்டேன். சனிக்கிழமைக்கு இடையில் இரண்டு நாள் இருக்கிறது. கேள்வி இருந்தால் என்னிடம் கேட்க அவகாசம், கற்பனை வளர அவகாசம் இல்லை. போனது இதுதான், நிலவனும் படித்துச் சரி சொன்னது:

"மக்களே, சனிக்கிழமை ஆறு மணிக்கு நிலவனும் வர்றார். அஞ்சு மாசமா சேர்ந்து இருக்கோம். பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலைக்குப் போன மாசம்தான் மாறினார், அதைப் பத்திக் கேட்டா ஆசையா சொல்வார். போன வாரம் என் பாட்டியோட தையல் மெஷினை ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து ஓட வெச்சார். இடது காது கேக்காது, அதனால மேசையோட இடது ஓரம் அவருக்கு. சத்தமா பேச வேணாம், ஒருத்தர் முடிச்சதும் இன்னொருத்தர் பேசினா போதும். கல்யாணத்தைப் பத்தி நாங்க இன்னும் பேசவே இல்லை, பேசினதும் முதல்ல உங்ககிட்டதான் சொல்வேன். ஒன்பது மணிக்குக் கிளம்பிடுவோம், அவருக்கு மறுநாள் காலைல வேலை."

கடைசி வரி அவர் சேர்த்தது. முடியும் நேரம் தெரிந்தால் எல்லோருக்கும் லேசாக இருக்கும் என்றார். கல்யாண வரி வானொலி ஐயா சொன்னபடி தடையைத் தகவலாக்கியது.

கடிகாரக்காரர் ஏழு நிமிடத்தில் பதில் போட்டுவிட்டார்: "என்ன மெஷின்?"

---

பழைய வானொலி · மார்ச் 12, இரவு 10.05

"என்ன மெஷின்" என்று ஒருவர் கேட்டுவிட்டார் அல்லவா, அந்த வரி போதும். அடைமொழியே இல்லாமல் போய்விட்டது, அதுவும் நன்றாக இருக்கிறது. 56 சதவீதத்தைப் பற்றி இனி நான் பேசவில்லை.

---

தாழ்வாரம் · மார்ச் 16, காலை 11.30

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் செய்தியில் ஒரு ஓட்டை இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் நான் நினைத்ததைவிட நன்றாகப் போனது. இடது ஓரம் நிலவனுக்குக் காலியாக இருந்தது. மூன்றாமவன் வழக்கம்போல எதிர்வாதம் செய்தான், நிலவன் அசரவில்லை. ஒரு பழைய கதையில் முன்னாள் துணையின் பெயர் வந்தது, ஒரு கணம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நிலவன் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார், கதை தொடர்ந்தது.

ஏழரை மணிக்குக் கடிகாரக்காரர் அவரை உள்ளே கூட்டிப்போய் மேசைக் கடிகாரம் ஒன்றைக் காட்டினார். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான்காமவள், முன்னாளோடு நட்பில் இருப்பவள், வேலை முடிந்து தாமதமாக வந்தாள். நேராக உள்ளே போய் அவருடைய இடது தோளுக்குப் பின்னால் நின்று தன் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். அவர் திரும்பவில்லை. இன்னொரு முறை சொன்னாள். அவர் நிமிர்ந்து வலது பக்கம் பார்த்துவிட்டு, யாரும் இல்லாததால் மறுபடி குனிந்துகொண்டார். அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. தான் யார் என்று தெரிந்துதான் அவர் அப்படிச் செய்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

அவளிடம் நான் போனில் பேசியதில் பழைய கதை மட்டும்தான் இருந்தது. காதைப் பற்றிச் சொல்லவே இல்லை. அது குழுச் செய்தியில் வரும் என்று விட்டுவிட்டேன். அவள் வேலை நேரத்தில் குழுவை ஒலியடக்கி வைப்பவள், நான் எழுதியதை மேலோட்டமாகப் பார்த்திருக்கிறாள். அப்படியே முழுதாகப் படித்திருந்தாலும், எங்கே உட்காருவார் என்றுதான் அதில் இருக்கிறது. கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் கேட்கவில்லை என்று அர்த்தம், தோளைத் தொடலாம் என்று இல்லை. ஐந்து மாதமாக நான் தினமும் செய்வது அது, பழகிப்போனதால் எழுதத் தோன்றவில்லை.

நான் சொன்னதும் எழுந்து போனாள். இந்த முறை வலது பக்கம். கதவு வழியாகப் பார்த்தேன், கடிகாரத்தை அவர் அவள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்குக் கிளம்பவில்லை, பத்தே கால் ஆகிவிட்டது.

---

கூட்டல்குறி · மார்ச் 16, மதியம் 12.10

நண்பர்களிடம் "எப்படி, பிடிச்சிருக்கா" என்று கேட்டீர்களா? நிலவனைக் குழுவில் சேர்த்துவிட்டீர்களா?

---

தாழ்வாரம் · மார்ச் 16, இரவு 8.20

குழுவில் கேட்கவில்லை. கேட்டால் நால்வரும் ஒருவர் பதிலை ஒருவர் பார்த்துத்தான் எழுதுவார்கள். குழுவில் அவரைச் சேர்க்கவும் இல்லை, அது எங்கள் ஐந்து பேரின் 16 வருடப் பேச்சு, அதற்குள் அவர் இப்போதே வந்தால் இரண்டு பக்கமும் சுருங்கிப்போகும். மூன்றாமவன் சேர்க்கச் சொல்கிறான். வீட்டுக்காரி வேண்டாம் என்கிறாள், ஆனால் பட்டப்பெயர் வைத்துவிட்டாள்.

கடிகாரக்காரர் மட்டும் என்னிடம் தனியாக நிலவனின் எண் கேட்டார். அவரிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.